ஹெல்மெட் தலையில் இருந்தது, வார் மட்டும் போடவில்லை: 1,000 ரூபாய் அபராதம் சரியா?

குரோம்பேட்டைவாசி:
நேற்று காலை மனைவியுடன் பைக்கில் போனேன். இரண்டு பேர் தலையிலும் ஹெல்மெட். நான் வார் மாட்டியிருந்தேன், அவங்க மாட்டவில்லை. சிக்னலில் நிறுத்தி, 'ஹெல்மெட் அணியவில்லை' என்று என் பெயரில் 1,000 ரூபாய் சலான் போட்டார்கள். தலையில் இருக்கிற ஹெல்மெட்டை இல்லை என்று எப்படிச் சொல்லலாம்? அவங்க மாட்டாததற்கு நான் ஏன் கட்டணும்?

சாலையோரம்:
கட்டாதீங்க சார். அணிய வேண்டும் என்றுதான் சட்டம். வார் பற்றியெல்லாம் போலீஸ் தாங்களாகச் சேர்த்துக்கொண்டது. ஐஎஸ்ஐ விஷயமும் அப்படித்தான். ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்ற உத்தரவு தயாரிக்கிறவருக்கும் விற்கிறவருக்கும் போட்டது. வாங்கிப் போடுகிறவரை அதற்காகப் பிடிப்பது அநியாயம்.

முத்து_மதுரை:
சாலையோரம் தம்பி, நான் ஹெல்மெட் கடையில் பதினெட்டு வருஷம் நின்றவன். சட்டத்தை நீங்க பாதிதான் படிச்சிருக்கீங்க. மோட்டார் வாகனச் சட்டம் 129-வது பிரிவுக்குக் கீழே ஒரு விளக்கம் இருக்கு. பாதுகாப்புத் தலைக்கவசம் என்றால் அதில் இரண்டு விஷயம் இருக்கணும். அடி விழும்போது தலையைக் காக்கும்படி வடிவமும் பொருளும் இருக்கணும். அதிலேயே உள்ள வார் கொண்டு தலையோடு உறுதியாகக் கட்டியிருக்கணும். இரண்டில் ஒன்று குறைந்தாலும் சட்டத்தின் கண்ணுக்கு அது தலைக்கவசமே இல்லை. அதனால் சலானில் 'அணியவில்லை' என்று எழுதினதில் பொய் கிடையாது.

சலான் ஏன் ஓட்டினவர் பெயரில் வந்தது என்றால், அபராதம் சொல்கிற 194-டி பிரிவு ஓட்டுகிறவரையும், அப்படி ஓட்ட அனுமதிக்கிறவரையும்தான் பிடிக்குது. பின்னால் இருக்கிறவங்க போடலைன்னா வண்டி உங்க கையில். 1,000 ரூபாயோடு மூன்று மாதம் லைசென்ஸ் தகுதி நீக்கமும் அதே பிரிவில் எழுதியிருக்கு.

ஐஎஸ்ஐ உத்தரவு விற்பவருக்கு என்று நீங்க சொன்னது சரி. 2021 ஜூன் 1 முதல் ஐஎஸ்ஐ இல்லாத ஹெல்மெட்டை விற்கக்கூடாது. ஆனால் 2019 திருத்தத்துக்குப் பிறகு 129-வது பிரிவும், மத்திய அரசு வகுத்த தரத்துக்கு ஏற்ற தலைக்கவசம்தான் போடணும்னு சொல்லுது. அது போடுகிறவருக்கு.

சாலையோரம்:
விளக்கம் இருப்பதை ஒத்துக்கொள்கிறேன், அதை நான் பார்க்கவில்லை. ஆனாலும் ஓட்டுகிறவன் கண் ரோட்டில்தான் இருக்கும். கிளம்பும்போது மாட்டியிருந்த வாரை நடுவழியில் அவங்க அவிழ்த்தால் எனக்கு எப்படித் தெரியும்? 'அனுமதித்தார்' என்று எதை வைத்துச் சொல்வது?

கவிதா_ஈரோடு:
எனக்கு வேற சந்தேகம். பையனுக்கு மூணு வயசு. அவனுக்கும் அபராதம் போடுவாங்களா?

முத்து_மதுரை:
அம்மா, 129 நாலு வயதுக்கு மேல்தான். அதற்குக் கீழே தனி விதி, 2023 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. நாலு வயதுக்குக் கீழே உள்ள குழந்தையை ஓட்டுகிறவரோடு இணைக்கும் பெல்ட் வேணும். ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை தலைக்குச் சைக்கிள் ஹெல்மெட் ஆனாலும் சரி, அந்த வயதுக்குப் பொருந்தும் ஹெல்மெட் இருக்கணும். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக்கூடாது.

சாலையோரம் கேட்டது நியாயமான கேள்வி. அதை நீதிமன்றத்தில்தான் கேட்கணும், எனக்குப் பதில் இல்லை. அதை விடுங்க, குரோம்பேட்டை அண்ணே, உங்க வீட்டம்மா ஏன் வாரை மாட்டவில்லை? அதைக் கேட்டீங்களா?

குரோம்பேட்டைவாசி:
கேட்டேன். மாட்டினால் தொண்டையை அறுக்குதாம். மாட்டினாலும் ஹெல்மெட் கண்ணுக்கு இறங்கி வருதாம். என்னுடைய பழைய ஹெல்மெட்தான் அது.

முத்து_மதுரை:
அங்கேதான் இருக்கு விஷயம். விழும்போது ஒரே அடியோடு முடியாது. முதல் அடி தோளிலோ தலையிலோ பட்டு, உடம்பு உருண்டு, தலை இன்னொரு தடவை தரையில் மோதும். வார் இல்லாத ஹெல்மெட் முதல் அடியிலேயே தெறித்துப் போகும். இரண்டாவது அடி வெறும் தலைக்கு. வார் மாட்டியும் ஹெல்மெட் பெரிதாக இருந்தால் அதே கதைதான்.

வீட்டிலேயே பார்த்துவிடலாம். தையல் டேப்பை புருவத்துக்குச் சற்று மேலே நெற்றியைச் சுற்றி வைத்து அளங்க. அந்த அளவை ஹெல்மெட்டின் உள்ளே ஒட்டியிருக்கும் எண்ணோடு ஒப்பிடுங்க. அப்புறம் வாரை மாட்டிக்கொண்டு, ஹெல்மெட்டின் பின் விளிம்பைப் பிடித்து முன்பக்கமாக உருட்டித் தள்ளச் சொல்லுங்க. கழன்று வந்தால் அது ஆகாது. வார் தாடையின் நுனியில் இருக்கக்கூடாது. தாடைக்கு அடியில் தொண்டைப் பக்கம் ஒட்டிப் போகணும். இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு மேல் தொங்கக்கூடாது.

பக்கிளையும் பாருங்க. பல் பல்லாக உள்ள நாக்கை உள்ளே தள்ளினால் கடக் கடக் என்று ஏறும். ஏறின பிறகு வாரைப் பலமாக இழுங்க. ஒரு பல் வழுக்கினாலும், தூசியும் துருவும் சேர்ந்து உள்ளே பிடிக்காமல் நின்றாலும் அந்த பக்கிள் வேலைக்கு ஆகாது. சிலர் வாரைத் தளர்த்தி வைத்து, மாட்டின மாதிரியே ஹெல்மெட்டைக் கழற்றிப் போடுவாங்க. அது வார் இல்லாததற்குச் சமம்.

கவிதா_ஈரோடு:
எனக்கும் கண்ணுக்கு இறங்கிக்கிட்டே இருந்தது. காரணம் கொண்டை! பின்னந்தலையில் கொண்டை இருந்தா ஹெல்மெட் முன்னாடி தள்ளும், வாரும் இழுபடும். இப்போ கழுத்தோரம் தாழ்வா பின்னிக்கிறேன். பூவை இறங்கின பிறகு வெச்சுக்கறேன்.

சாலையோரம்:
ரோட்டோரம் 300 ரூபாய்க்கு விற்பதில் எல்லாம் ஐஎஸ்ஐ ஸ்டிக்கர் இருக்கு. அப்படியிருக்க யார் எதை எப்படிக் கண்டுபிடிப்பது? போலீஸ்காரருக்கும் பார்த்தவுடன் தெரியாது.

முத்து_மதுரை:
ஸ்டிக்கரை நம்ப வேண்டாம். உண்மையான முத்திரையில் மேலே IS 4151 என்றும் கீழே CM/L என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். BIS Care செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தத் தயாரிப்பாளருடையது, உரிமம் உயிரோடு இருக்கா என்று வரும். பெட்டியில் உள்ள பெயரும் அதுவும் ஒத்துப்போகணும்.

அப்புறம் உள்துணியைத் தூக்கிப் பாருங்க. ஓட்டுக்கும் துணிக்கும் நடுவில் கெட்டியான தெர்மாகோல் இருக்கணும். அடி விழும்போது அதுதான் நசுங்கி வேகத்தை வாங்கிக்கொள்ளும். ஒருதடவை நசுங்கினால் பழையபடி எழும்பாது. அதனால்தான் விபத்தில் சிக்கின ஹெல்மெட் வெளியே பளபளவென்று இருந்தாலும் மாற்றச் சொல்கிறோம். 300 ரூபாய் சரக்கில் அந்த இடத்தில் பெரும்பாலும் மெல்லிய ஸ்பாஞ்சுதான் இருக்கும். முகம் திறந்த வகையிலும் ஐஎஸ்ஐ கிடைக்கும், அதனால் முழு முகம் மூடினால்தான் செல்லும் என்று நினைக்க வேண்டாம். கட்டட வேலைத் தொப்பி, கிரிக்கெட் ஹெல்மெட் ரெண்டும் ஆகாது.

நாகை_ராஜா:
மலேசியாவில் இருக்கிற என் அண்ணன் சிரிம் முத்திரையோடு நல்ல ஹெல்மெட் வாங்கிக் கொடுத்தார். ஐஎஸ்ஐ இல்லை. இங்கே போட்டால்?

முத்து_மதுரை:
தலைக்கு அது நல்லதாகவே இருக்கலாம். ஆனால் இங்கே வகுத்த தரம் ஐஎஸ் 4151. சாலையில் நிறுத்தினால் உங்களிடம் காட்ட ஒன்றுமில்லை.

சாலையோரம்:
இதில் எனக்கு உடன்பாடில்லை. அந்த நாட்டில் சோதித்து முத்திரை குத்தின ஹெல்மெட் போட்டவரையும், தெர்மாகோலே இல்லாத சட்டியைக் கவிழ்த்துக்கொண்டவரையும் ஒரே தட்டில் வைப்பது தவறு.

குரோம்பேட்டைவாசி:
அளந்து பார்த்துவிட்டேன். அவங்க தலை 55 சென்டிமீட்டர். ஹெல்மெட்டில் போட்டிருப்பது 60. வாரைக் கடைசிப் பல் வரை இறுக்கி, பின்னாலிருந்து லேசாகத் தள்ளினேன், மூக்கு வரை வந்துவிட்டது. இத்தனை மாதம் அதோடுதான் பின்னால் உட்கார்ந்து வந்திருக்காங்க. அபராதத்தைக் கட்டிவிட்டேன். சாயந்திரம் அவங்களைக் கூட்டிப் போய், அவங்க தலையில் போட்டுப் பார்த்தே வாங்கப் போகிறோம்.