பொருள்: ‘ஆன்டி ரிஃப்ளெக்டிவ் கோட்டிங்’ – துண்டறிக்கைக்கு ஒரு சொல் வேண்டும்

சொல்தேடி எழுதியது:
மூக்குக்கண்ணாடி பற்றிய துண்டறிக்கை ஒன்றைத் தமிழாக்குகிறேன். இரவில் வண்டி ஓட்டுவோர், நாள் முழுக்கத் திரை பார்ப்போர் இருவருக்குமானது. கடைகளில் ஏஆர்சி, ஆன்டிகிளேர் என்கிறார்கள். சொல்லுக்குச் சொல் போனால் ‘எதிரொளிப்பு எதிர்ப்புப் பூச்சு’. அடுத்தடுத்து இரண்டு ‘எதிர்’, நாக்கு தடுக்குகிறது. ‘கண்கூசாப் பூச்சு’ என்று போட்டுவிடலாமா?

இரவுவண்டி எழுதியது:
சொல் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்குக் கூசுகிறதே! போன மாதம் கூடுதல் பணம் கொடுத்துப் போட்டேன். எதிரே வருகிறவன் ஹைபீம் போட்டால் முன்பு போலவே கண் இருட்டுகிறது. கடைக்காரர் பூச்சே இல்லாத லென்ஸைத் தந்துவிட்டாரா?

கண்ணாடிக்காரன் எழுதியது:
அண்ணே, அந்தச் சொல் ஏன் ஆகாது என்பதற்கு நீங்களே சாட்சி. எதிர்வண்டி வெளிச்சம் நேராகக் கண்ணுக்குள் போகிறது. பூச்சு அதைக் குறைக்காது, ஒரு துளி கூட்டவே செய்யும். சாதாரண பிளாஸ்டிக் லென்ஸின் ஒவ்வொரு பக்கமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். ஒளிவிலகல் எண் 1.67 உள்ள மெல்லிய லென்ஸில் இரு பக்கமும் சேர்த்து 12 சதவீதம் வரை போகும். நல்ல பூச்சு இதை 1 சதவீத அளவுக்குக் கொண்டுவரும்.

அதனால் குறைவது வேறு. பின்னால் வரும் வண்டியின் விளக்கு லென்ஸின் உள்பக்கத்தில் பட்டுக் கண்ணுக்குத் திரும்பும், அது குறையும். தெருவிளக்குக்குப் பக்கத்தில் மங்கலாக இன்னொரு விளக்கு தெரிந்து, தலையைச் சாய்த்தால் நகருமே, அதுவும் குறையும். லென்ஸுக்குள்ளேயே இருமுறை பட்டுத் திரும்பும் ஒளி அது. திரை வேலையிலும் இதே கதைதான்: முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் நன்றாக உதவும். திரையின் சொந்த வெளிச்சம் அப்படியே வரும். கண் வறண்டு எரிவதற்கும் இது மருந்தல்ல.

பூச்சு இருக்கிறதா என்று பார்க்க லென்ஸை டியூப்லைட்டுக்குக் கீழே பிடியுங்கள். பிம்பம் பளீரென்று வெள்ளையாக இருந்தால் இல்லை. மங்கிய பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால் உண்டு. உண்டு என்று தெரிந்தும் கூசினால் வண்டியின் முன்கண்ணாடியைத் துடைத்துப் பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கண்புரை இருக்கிறதா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்.

பழையவாத்தியார் எழுதியது:
பூச்சு ஒளியை உறிஞ்சிக்கொள்வதால்தானே திரும்புவதில்லை? ‘ஒளியுறிஞ்சி’ என்றால் சுருக்கமாக இருக்கும்.

கண்ணாடிக்காரன் எழுதியது:
உறிஞ்சுவது கூலிங்கிளாஸ் வேலை ஐயா. இங்கே பூச்சின் மேல்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் அடிப்பரப்பிலிருந்து திரும்பும் அலையும் ஒன்றையொன்று அழிக்கின்றன. திரும்ப வேண்டிய ஒளி லென்ஸைக் கடந்து முன்னே போய்விடுகிறது. ஆகவே ‘தடுப்பு’ என்பதும் எனக்கு ஒட்டவில்லை.

யாழ்வாசி எழுதியது:
எங்கள் பாடநூல்களில் எதிரொளிப்பைத் ‘தெறிப்பு’ என்றே படித்தோம். ‘தெறிப்பெதிர்ப் படலம்’ என்று வைத்தால் உங்கள் இரட்டை ‘எதிர்’ சிக்கல் தீருமே?

சொல்தேடி எழுதியது:
தெறிப்பு அருமை. படலம் மட்டும் வேண்டாம். “கண்ணில் படலம் விழுந்திருச்சு” என்றுதான் என் அம்மா புரையைச் சொல்வார். காசு கொடுத்து யார் படலம் போட்டுக்கொள்வார்கள்! ‘தெறிப்புத் தணிப்புப் பூச்சு’ எப்படி? அப்புறம், துடைக்கும் முறையையும் யாராவது சொல்லுங்கள்.

இரவுவண்டி எழுதியது:
டியூப்லைட்டில் பச்சைதான். கடைக்காரரைத் திட்டியது தப்பு. ஆனால் பழைய கண்ணாடியில் வலை வலையாக வெடிப்பு, துடைத்தாலும் போகவில்லை. டேஷ்போர்டில்தான் எப்போதும் கிடக்கும்.

கண்ணாடிக்காரன் எழுதியது:
அந்த வெயில்தான் காரணம். பிளாஸ்டிக் அதிகம் விரியும், பூச்சு அவ்வளவு விரியாது. வறண்ட ஏரி போல வெடித்துவிடும். சரிசெய்ய முடியாது, லென்ஸ் மாற்றத்தான் வேண்டும். வெந்நீரும் இதையே செய்யும். கீறல் என்றால் கோடுகோடாக இருக்கும். வெறும் எண்ணெய்ப்பிசுக்கு என்றால் கழுவினால் போய்விடும்.

துடைப்பதில் தப்பு நடப்பது முதல் நொடியில்தான். வேட்டி முனை, சேலைத் தலைப்பு, டிஷ்யூ எதுவானாலும் லென்ஸ் மேல் இருக்கும் தூசியை இழுத்துத் தேய்க்கிறது. முதலில் குழாயின் பச்சைத் தண்ணீரில் காட்டித் தூசியை ஓடவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு, விரல்நுனியால் இரு பக்கமும், மூக்குத்தாங்கி இடுக்கிலும். அலசி, உதறி, மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றியெடுங்கள். அந்தத் துணியைத் துவைக்கும்போது கம்ஃபர்ட் மாதிரி எதுவும் வேண்டாம், லென்ஸில் பிசுக்கு ஏறும். ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் அம்மோனியா ஸ்ப்ரே, நெயில்பாலிஷ் ரிமூவர் இரண்டும் பக்கத்தில் வரக்கூடாது.

யாழ்வாசி எழுதியது:
தணிப்பு என்றால் எனக்குக் காய்ச்சல் மாத்திரைதான் நினைவுக்கு வருகிறது. நான் இன்னும் ‘தெறிப்பெதிர்’ பக்கம்தான்.

கண்ணாடிக்காரன் எழுதியது:
அறிக்கையில் எதைப் போட்டாலும் சரி, பக்கத்தில் ‘ஏஆர்சி’ என்றும் அச்சிடுங்கள். என்னிடம் வந்து “தெறிப்புத் தணிப்பு இருக்கா” என்று கேட்டால் கடைப்பையன் பாமாயில் கடைக்கு வழி சொல்லிவிடுவான்.