காலர் போட்டால் எக்ஸ்பைரி வாரத்தில் அடமானப் பங்கை எப்படிக் கையாள்வது?

வணக்கம். கையில் 500 பங்குகள், ஒரு லாட்டும் அதே 500. விலை 1,000 ரூபாய். எக்ஸ்பைரிக்கு முன்பே காலாண்டு முடிவு வருகிறது.

1,050 கால் விற்றால் 12 ரூபாய், அதாவது மொத்தம் 6,000 வரும். ஆனால் அது 988 வரைதான் தாங்கும். அதற்குக் கீழே நஷ்டம் முழுவதும் நம்முடையது. அதனால் அந்தப் பணத்திலேயே 950 புட்டை 10 ரூபாய்க்கு வாங்க நினைக்கிறேன். நிகர வரவு 2 ரூபாய். எக்ஸ்பைரியில் பங்கு எவ்வளவு விழுந்தாலும் 952 கையில் நிற்கும், எவ்வளவு ஏறினாலும் 1,052-க்கு மேல் கிடையாது. தரகும் வரியும் தனி.

சிக்கல் மார்ஜினில். டீமேட்டில் பங்கு இருந்தாலும் கால் விற்க மார்ஜின் கேட்கிறார்கள். பங்கை அடமானம் வைத்தால் ஒரு பகுதி கிடைக்கும், மீதிக்கு ரொக்கம் வேண்டும். என்.எஸ்.இ.-யில் பங்கு ஆப்ஷன்கள் டெலிவரியில்தான் முடியும். 1,050-க்கு மேல் முடிந்தால் பங்கைக் கொடுக்க வேண்டும், அதற்கு அடமானத்தை மீட்டிருக்க வேண்டும். மீட்டாலோ மார்ஜின் குறையும். 950-க்குக் கீழே முடிந்தாலும் புட் வழியாகப் பங்கு போய்விடும். நீண்டகாலம் வைத்திருக்க வாங்கிய பங்கு இது.

எக்ஸ்பைரிக்கு எத்தனை நாள் முன்பு இரண்டையும் மூடுகிறீர்கள்? கடைசி வாரத்தில், பணத்துக்குள் ஆழமாகப் போன காலுக்கு வாங்கல்-விற்றல் இடைவெளி விரிந்துவிடுமே, அப்போது லிமிட் ஆர்டர் எப்படி வைக்கிறீர்கள்?