மாவு அரைக்க சொந்த மெஷின் போடலாமா? கணக்கு பார்த்துச் சொல்லுங்கள்

வணக்கம். இட்லி மாவு பாக்கெட் போட்டு மாதம் 10,000 விற்கிறோம், ஒன்று 40 ரூபாய். இப்போது கூலிக்கு அரைக்கிறோம். பாக்கெட்டுக்கு 32 ரூபாய் செலவு, மாத நிலைச்செலவு 40,000. லாபம் 40,000 நிற்கிறது.

சொந்த மெஷின் போட்டால் பாக்கெட் செலவு 22 ஆகக் குறையும். ஆனால் வாடகை, சம்பளம், வட்டி, தேய்மானம் சேர்ந்து நிலைச்செலவு 1,40,000 ஆகிவிடும். லாபம் அதே 40,000.

சரி, இரண்டும் ஒன்றுதானே என்றுதான் முதலில் நினைத்தேன். விற்பனை 8,000 ஆக இறங்கினால் என்ன ஆகும் என்று நோட்டில் போட்டுப் பார்த்ததும் பயந்துவிட்டேன். கூலி முறையில் 24,000 மிஞ்சுகிறது, சொந்த மெஷினில் வெறும் 4,000. விற்பனை 20 சதவீதம் குறைய, லாபம் 90 சதவீதம் போகிறது. 12,000 விற்றால் மட்டும் 56,000-க்குப் பதில் 76,000 வரும்.

எங்களுக்கு மழை மாதங்களில் விற்பனை நிச்சயம் சரியும். அசல் தவணை வேறு தனியாகக் கட்ட வேண்டும்.

இந்தத் தொழிலில் இருப்பவர்கள் சொல்லுங்கள்: ஆட்களுக்கு மாதச் சம்பளத்துக்குப் பதில் கிலோ கணக்கில் கூலி கொடுத்தால் ஒத்துவருமா? மெஷின் சும்மா இருக்கும் நேரத்தில் வெளி ஆர்டர் அரைத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறீர்களா?