வாராந்திர ரீல்ஸுக்கு ஒரே ஸ்கிரிப்ட் அச்சு: நடுப்பகுதியில் சிக்கல்

வணக்கம். ஏற்காட்டுக் காப்பித்தூள், மிளகு விற்கும் சின்ன பிராண்ட் எங்களுடையது. சேலம் கடையில் நானும் தங்கையும் மட்டும்தான். ஞாயிறு மதியம் இரண்டு மணி நேரத்தில் நான்கு வாரத்துக்கான ரீல்ஸை எடுத்துவிட வேண்டும். அதற்காக 45 விநாடிக்கு ஓர் அச்சு போட்டோம்.

வாடிக்கையாளர் கேட்ட கேள்வி, கையால் செய்து காட்டுவது, ஒரு வரிக் காரணம், அடுத்த வாரக் கேள்வி. இவை முடிந்ததும் வரும் முடிவு ஷாட்டை மட்டும் ஒரே முறை எடுத்து எல்லா ரீல்ஸிலும் ஒட்டுகிறோம். அதில் விலையோ பண்டிகையோ பேசக் கூடாது, சீக்கிரம் பழசாகிவிடும்.

சிக்கரி கலப்பைக் காட்டியபோது அச்சு கச்சிதமாகப் பொருந்தியது. கண்ணாடி டம்ளரில் குளிர்ந்த தண்ணீர், மேலே ஒரு சிட்டிகை தூள். காப்பி பெரும்பாலும் மிதக்கும். சிக்கரி நிறத்தை விட்டபடி மூழ்கும். பேசவே வேண்டியதில்லை.

ஆனால் 'நிழல் மரத்தடியில் ஏன் காப்பி வளர்க்கிறார்கள்' என்பதற்கு கையால் காட்ட ஒன்றுமில்லை. காரணம் ஒரு வரியில் நிற்காமல் ஆறு வரியானது, 80 விநாடி போனது. தங்கை கொட்டாவியே விட்டாள்!

இப்படிப்பட்ட கேள்விகளுக்குத் தனி அச்சு வைத்துக்கொள்வீர்களா, அல்லது கையால் காட்ட முடியாததை ரீல்ஸுக்கே எடுக்கமாட்டீர்களா? தனி அச்சு என்றால், நடுப்பகுதியில் எத்தனை ஷாட் வைக்கிறீர்கள்?