மூன்றாவது மூக்கு ஆபரேஷன் கேட்டு வரும் 22 வயதுக்காரர்: உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

வைகைக்கரை, மனநல மருத்துவர்
அடையாளம் மாற்றி எழுதுகிறேன். வயது 22. முதல் ஆபரேஷனில் மூக்குத் தண்டின் மேடு எடுத்தாச்சு, எட்டு மாதத்திலேயே நுனிக்கு இரண்டாவது. இப்போது "இடது துவாரம் பெரிசு" என்று மூன்றாவது. அனுப்பிய சர்ஜன் குறிப்பில் "பார்வைக்குக் குறை ஏதுமில்லை" என்று எழுதியிருந்தார்.

இப்படி வருபவர்களிடம் மூக்கைப் பற்றிப் பேச்சை ஆரம்பிக்கவே கூடாது, நேரத்தைக் கேட்க வேண்டும். ஒரு நாளில் மொத்தம் எவ்வளவு நேரம் இதே நினைப்பு? ஒரு மணி நேரம் தாண்டினாலே உஷாராக வேண்டும், இவருக்கு ஐந்து. அடுத்து, அந்த நேரத்தில் என்ன செய்கிறார்? கண்ணாடி, செல்ஃபி, "நல்லாருக்கா?" என்று அம்மாவிடம் திரும்பத் திரும்பக் கேட்பது. பிறகு, எதையெல்லாம் விட்டார்? வகுப்பிலும் மாஸ்க், இரண்டு அரியர், பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பியே உட்காருவது. கடைசியாக, "இதுவும் சரியா வரலைன்னா என்ன பண்ணுவீங்க?" அதற்கு வந்த பதில்: "அப்புறம் எதுக்கு இருக்கணும்." இது பாடி டிஸ்மார்ஃபிக் டிஸ்ஆர்டர், பிறர் கண்ணுக்குத் தெரியாத குறையைப் பெரிதாக நினைத்து அதிலேயே மூழ்கிவிடும் மனநோய். தற்கொலை எண்ணத்தை அந்த இடத்திலேயே நேரடியாகக் கேட்டேன், திட்டம் இருக்கிறதா என்பது உட்பட. கேட்டால் தூண்டிவிடும் என்பது வெறும் பயம்.

செவ்வந்தி78
என் தம்பியும் அரை மணி நேரம் தலை வாருவான். அதுவும் இதுதானா?

வைகைக்கரை
வாரி முடித்துக் கிளம்பிப் போகிறானா? போனால் இது இல்லை.

ரினோ_கோவை, காது மூக்கு தொண்டை
ஆபரேஷன் பக்கத்தைச் சொல்கிறேன். நுனி வீக்கம் முழுசாக வடியவே ஒரு வருஷம் ஆகும். எட்டு மாதத்தில் மறுபடி கத்தி வைத்தது, இன்னும் அடங்காத திசு மேல் வேலை. ஒவ்வொரு தடவையும் மூக்கின் நடுச்சுவரான செப்டத்தின் குருத்தெலும்பு எடுத்து எடுத்துக் குறைகிறது. அது தீர்ந்தால் காதிலிருந்து, அப்புறம் விலா எலும்பிலிருந்து. தழும்பு இறுகி நுனி ஒரு பக்கம் இழுக்கும். தாங்குவதற்கு ஒன்றுமில்லாமல் தண்டு உள்ளே அமுங்கினால் மூச்சே அடைக்கும். மூன்றாவதில் கெட்டுப்போனதைச் சரிசெய்ய நான்காவது, இப்படித்தான் சங்கிலி ஓடுகிறது.

செல்ஃபி பற்றி ஒன்று. சுமார் 30 செ.மீ தூரத்தில் எடுத்தால், ஒன்றரை மீட்டரில் எடுத்ததைவிட மூக்கு ஏறக்குறைய 30 சதவீதம் அகலமாகத் தெரியும் என்று 2018-ல் கணக்கிட்டுக் காட்டினார்கள். இவர் தினமும் அளந்தது அந்தப் படத்தைத்தான்.

ஸ்கின்_கிளினிக்
அதனால்தான் ஊசியில் போட்டு வடிவத்தை நிரப்பும் ஃபில்லர் நல்லது. பிடிக்கலைன்னா ஹயலூரோனிடேஸ் போட்டுக் கரைச்சிடலாம், ரிஸ்க் இல்லை.

ரினோ_கோவை
கரைக்கலாம், அது உண்மை. ஆனால் மூக்கின் ரத்தக்குழாய்கள் கண்ணுக்குப் போகும் குழாய்களோடு தொடர்புள்ளவை. ஃபில்லர் உள்ளே போய் அடைத்துப் போன பார்வையைக் கரைத்து மீட்பது அரிது. அதுவும் ஏற்கெனவே ஆபரேஷன் ஆன மூக்கில் குழாய்கள் இருந்த இடத்தில் இருக்காது, தோலும் அழுகிப்போகலாம்.

மனோ_சைக்காலஜி
கரைக்க முடியும் என்பதே இவர்களுக்குக் கண்ணி: போடு, கரை, மறுபடி போடு. ஒரு பக்கம் திருப்தியானால் கவலை தாடைக்கோ தோலுக்கோ நகரும்.

"உங்க மூக்கு அழகா இருக்கு" என்று தெரபியில் நான் சொல்வதே இல்லை. அந்த ஆறுதல் பத்து நிமிஷம்கூட நிற்காது. "மூக்கு எப்படியோ இருக்கட்டும், தினம் ஐந்து மணி நேரம் போகுதே, அதைத் திரும்ப எடுப்போமா?" என்றால் பெரும்பாலும் உட்காருகிறார்கள். கண்ணாடிப் பயிற்சியில் ஒரு மீட்டர் தள்ளி நின்று, தலை முதல் கால் வரை, தீர்ப்புச் சொல் இல்லாமல் வர்ணிக்க வேண்டும். "அசிங்கம்" என்றால் நிறுத்தி, "துவாரம் முட்டை வடிவம்" என்று மாற்றச் சொல்வேன். மாஸ்க் கழற்றுவதைப் பெட்டிக்கடையில் ஆரம்பித்து, கடைசியில்தான் வகுப்பறை. அம்மாவுக்கும் ஒரு வேலை உண்டு: "நல்லாருக்கா?" என்ற கேள்விக்குப் பதிலே சொல்லக் கூடாது. முதல் வாரம் வீட்டில் சண்டை வரும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

வைகைக்கரை
மருந்து ஃப்ளூஆக்ஸடின் 20 மி.கி-யில் தொடங்கி, சில வாரங்களில் படிப்படியாக 60. மன அழுத்தத்துக்குக் கொடுக்கும் அளவு பெரும்பாலும் போதாது. உயர்ந்த அளவில் 12 வாரமாவது பார்க்காமல் "வேலை செய்யலை" என்று மாற்றக் கூடாது. 25 வயதுக்குக் கீழ் என்பதால் தொடக்கத்திலும் அளவு கூட்டும்போதும் தற்கொலை எண்ணம் அதிகமாகலாம். வாரம் ஒருமுறை பார்ப்பதும், மாத்திரை அம்மா கையில் இருப்பதும் அதற்காக. குறையை நூறு சதவீதம் உறுதியாக நம்புகிறார் என்பதற்காக மனப்பிறழ்வுக்கான ஆன்டிசைக்காட்டிக் மட்டும் கொடுப்பது தவறு.

ரினோ_கோவை
என் சிக்கல் வேறு. இதே மாதிரி ஒருவருக்கு செப்டம் நிஜமாகவே வளைந்திருக்கிறது, இரவில் மூச்சு அடைக்கிறது. வெளித்தோற்றத்தைத் தொடாமல் உள்ளே மட்டும் சரிசெய்யலாமா?

வைகைக்கரை
மருந்து பிடித்து, தோற்றத்தைப் பற்றிக் கேட்பது அடங்கும் வரை நான் தள்ளிப்போடுவேன்.

மனோ_சைக்காலஜி
எனக்கு ஒப்பில்லை. தூக்கம் கெட்டால் தெரபியும் ஓடாது. "தோற்றம் மாறாது" என்று எழுதி, அவரே வாசித்துக் கையெழுத்துப் போட்டால் செய்யலாம்.

ரினோ_கோவை
கையெழுத்துப் போட்டவர்களும் மறுவாரம் செல்ஃபியோடு வந்து நின்றிருக்கிறார்கள்.