அசூஸ்பெர்மியா: 'உற்பத்தியற்ற' என்று எழுதலாமா?

வாணி:
வணக்கம். அசூஸ்பெர்மியா பற்றிய நோயாளிக் கையேடு ஒன்றையும், அறுவைக்கான ஒப்புதல் படிவத்தையும் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். முதலில் 'விந்தின்மை' என்று போட்டேன். விந்து வருகிறது, அதில் விந்தணுதான் இல்லை என்று சரிபார்த்தவர் திருத்தினார். ஆக, 'விந்தணுவின்மை'. அதன் இரண்டு வகைகளுக்கு 'அடைப்பு விந்தணுவின்மை', 'உற்பத்தியற்ற விந்தணுவின்மை' என்று வைத்திருக்கிறேன். சரிதானா?

பழனிவேல்:
எனக்கு இரண்டும் சரியாகவே படுகின்றன. ஒன்றில் குழாய் அடைபட்டிருக்கிறது, மற்றதில் விரை வேலை செய்யவில்லை. இரத்தத்தில் விரையைத் தூண்டும் எஃப்.எஸ்.எச். ஹார்மோனின் அளவைப் பார்த்தாலே தெரிந்துவிடுமே. கூடியிருந்தால் உற்பத்தி இல்லை, இயல்பாக இருந்தால் அடைப்பு.

செல்வி:
நான் கருவியல் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். பழனிவேல் ஐயா சொன்னது பெரும்பாலும் பொருந்தும், ஆனால் எப்போதும் இல்லை. சிலருக்கு விந்தணு வளர்ச்சி பாதிப்படியில் நின்றுவிடும். அவர்களுக்கு எஃப்.எஸ்.எச். இயல்பாக இருக்கும், விரையும் நல்ல அளவில் இருக்கும். அடைப்பு என்று நம்பி விரையில் ஊசி செலுத்தி உறிஞ்சினால் விந்தணு ஒன்றும் வராது. பிறவியிலேயே விந்துக்குழாய் இல்லாதவர்களைக் கண்டுபிடிப்பது எளிது. விந்து மிகக் குறைவாகவும் அமிலத்தன்மையோடும் இருக்கும், மருத்துவர் விரலால் தடவிப் பார்த்தே குழாய் இல்லை என்று சொல்லிவிடுவார்.

'உற்பத்தியற்ற' என்பதை நான் ஏற்க மாட்டேன். போன மாதம் வந்த ஒருவருக்கு எஃப்.எஸ்.எச். 24, அதாவது மிகக் கூடுதல்; இரண்டு விரையும் சிறியவை. விந்தை இயந்திரத்தில் வைத்து இரண்டு முறை சுழற்றிப் பார்த்தும் ஒரு விந்தணு இல்லை. மயக்க மருந்து கொடுத்து, விரையின் வெள்ளை உறையைக் குறுக்கே கீறித் திறந்து, அறுவை நுண்ணோக்கியை 20 மடங்குக்கு மேல் வைத்துத் தேடினார்கள். உள்ளே இருக்கும் நுண்குழல்களில் பெரும்பாலானவை மெலிந்து வெளிறியிருக்கும். இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில மட்டும் சற்றுப் பருத்து வெண்மையாகத் தெரியும். அவற்றைத்தான் சில மில்லிகிராம் அளவுக்குக் கிள்ளி என் மேசைக்கு அனுப்புவார்கள். நான் நுண்கத்தரியால் பொடியாக நறுக்கி, மெல்லிய ஊசிக்குழாயில் ஏற்றி இறக்கி, ஒரு துளியை எடுத்து 200 மடங்கில் பார்ப்பேன். இடது பக்கம் ஐந்து துண்டு, எதுவும் இல்லை. வலது பக்கம் மூன்றாவது துண்டில் ஒன்று வால் அசைத்தது. அந்த விரையை 'உற்பத்தியற்ற' என்று எப்படி எழுதுவது?

முருகேசன்:
நான் நோயாளியாக எழுதுகிறேன். எனக்கு ஊசி போட்டு உறிஞ்சிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கிடைக்கவில்லை என்று எழுதித் தந்தார்கள். அப்படியானால் நான் உற்பத்தியற்ற வகைதானே? நான்கு வருடமாக அந்தத் தாளை அலமாரியில் வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை.

செல்வி:
முருகேசன் அண்ணா, அது முடிவான விடை இல்லை. ஊசி போன இடத்தில் இருப்பதை மட்டும்தான் அது கொண்டுவரும். அடைப்பு உள்ளவர்களுக்கு எங்கே குத்தினாலும் கிடைக்கும், அதனால் அங்கே ஊசியே போதும். ஆக்கம் தீவுதீவாக இருந்தால் ஊசி தவறவிடலாம். நுண்ணோக்கி வைத்துத் தேடினால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. மற்ற பாதிக்குக் கிடைப்பதில்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முதலில் குரோமோசோம் பரிசோதனையும் ஒய் குரோமோசோமில் விடுபட்ட பகுதி உண்டா என்ற பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். அந்தக் குரோமோசோமில் விந்தணு ஆக்கத்துக்கு வேண்டிய ஏ.இசட்.எஃப். பகுதிகளில் ஏ பகுதியோ பி பகுதியோ முழுதாக இல்லை என்றால் தேட வேண்டாம் என்றே சொல்வார்கள். சி பகுதி மட்டும் என்றால் வாய்ப்பு உண்டு.

வாணி:
முருகேசன் அண்ணாவின் மடலைப் படித்த பிறகு 'அற்ற'வை எடுத்துவிட்டேன். 'ஆக்கம் குன்றிய விந்தணுவின்மை' என்று மாற்றுகிறேன். அப்புறம் அந்த அறுவைக்கு 'நுண்ணோக்கிவழி விந்தணுத் தேடல்' என்று வைக்கலாமா? 'எடுத்தல்' என்றால் கிடைத்தே தீரும் என்று நினைத்துக் கையெழுத்துப் போடுவார்கள்.

பழனிவேல்:
'ஆக்கம் குன்றிய' நல்ல சொல், என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ஆனால் 'தேடல்' என்று மட்டும் போட்டால் ஸ்கேன் மாதிரி ஏதோ என்று நினைப்பார்கள். உறையைத் திறக்கிறார்கள், திசுவைக் கிள்ளுகிறார்கள். அது பெயரில் தெரிய வேண்டாமா?

செல்வி:
தெரியத்தான் வேண்டும். அறுவைக்குப் பிறகு சில மாதங்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் குறையலாம், சிலருக்கு உள்ளே இரத்தம் கட்டலாம். 'விரைத்திசுவில் விந்தணு தேடும் அறுவை' என்று நீட்டினால்? ஏ.இசட்.எஃப். ஏ பகுதி முழுதாக இல்லாதவர்களுக்கு 'குன்றிய' என்பதும் பொய் நம்பிக்கை ஆகிவிடுமோ என்ற உறுத்தல் எனக்கு இன்னும் இருக்கிறது.

முருகேசன்:
'தேடும்' என்பது இருக்கட்டும். ஒரு கேள்வி: ஒய் பரிசோதனைக்கு இரத்தம் மட்டும் கொடுத்தால் போதுமா?

செல்வி:
போதும், அண்ணா. கையில் எடுக்கும் இரத்தம்தான்.