ஒரே வரியில் இரண்டு ‘வேண்டும்’

மங்கை எழுதியது

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஒன்பதாம் வகுப்புக் குடிமையியல் பாடத்துக்காக, உலக நலவாழ்வு அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறேன். உடன்படிக்கையில் சேரும் நாடு எதற்கெல்லாம் ஒப்புக்கொள்கிறது என்பதே பாடத்தின் மையம். பொது இடங்களில் புகையிலிருந்து மக்களைக் காப்பது, விளம்பரத்தைத் தடை செய்வது, வரி விதிப்பது ஆகியவற்றை எழுதி முடித்துவிட்டேன். புகையிலைப் பொதிகளின் மீது அச்சிடப்படும் எச்சரிக்கையைப் பற்றிய 11ஆம் பிரிவில் வந்து நின்றுவிட்டேன்.

என் வரைவில் இருக்கும் வரி இது: “எச்சரிக்கை, பொதியின் முதன்மைக் காட்சிப் பரப்பில் 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருக்க வேண்டும், ஆனால் 30 விழுக்காட்டுக்குக் குறையாமல் இருக்க வேண்டும்.” இதை வகுப்பில் படித்துக் காட்டி, சட்டப்படி இருக்க வேண்டிய சிறும அளவு எவ்வளவு என்று கேட்டேன். ஏறத்தாழ பாதிப் பேர் 50 என்றார்கள், மீதிப் பேர் 30 என்றார்கள். ஒரு மாணவி எழுந்து, “ஐம்பது இருக்க வேண்டும் என்று சொன்ன பிறகு முப்பதுக்கு என்ன வேலை?” என்று கேட்டாள். அவளுக்குச் சொல்ல என்னிடம் விடை இல்லை. ஆங்கில மூலத்தில் முதல் இடத்தில் ‘ஷுட்’ என்றும் இரண்டாம் இடத்தில் ‘ஷால்’ என்றும் இருக்கின்றன. தமிழில் இரண்டையும் நான் ‘வேண்டும்’ ஆக்கிவிட்டேன். இந்த இரண்டு அளவுகளுக்கும் தனித்தனிக் கலைச்சொற்கள் வேண்டும். உதவுங்கள்.

சிவராமன் எழுதியது

மங்கை அம்மா, உங்கள் மாணவி சரியான இடத்தில்தான் கைவைத்திருக்கிறாள். சட்ட மொழிபெயர்ப்பில் முப்பது ஆண்டுகள் இருந்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அந்த உட்பிரிவில் மூன்று வகையான சொல்லாட்சி அடுத்தடுத்து வருகிறது. எச்சரிக்கை 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்பது கடப்பாடு. அதை மீறும் நாடு உடன்படிக்கையை மீறுகிறது. 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பது தகும் என்பது, எல்லா நாடுகளும் கூடி ஒப்புக்கொண்ட நாட்டம். 35 விழுக்காட்டோடு நின்றுவிட்ட நாட்டை உடன்படிக்கையை மீறிய நாடு என்று சொல்ல முடியாது, ஆனால் அது உடன்படிக்கை விரும்பியதைச் செய்யவில்லை. அடுத்த வரியில், எச்சரிக்கை படமாகவும் இருக்கலாம் என்று வருகிறது. அது முழுக்க நாட்டின் விருப்பம். ஆகவே ஒரே உட்பிரிவில் ‘கூடாது’, ‘தகும்’, ‘லாம்’ என்று மூன்று படிகள் இருக்கின்றன.

இந்த உடன்படிக்கைக்கு அரபு, சீனம், ஆங்கிலம், பிரெஞ்சு, உருசியம், ஸ்பானியம் ஆகிய ஆறு மொழிப் பாடங்களே அதிகாரமுடையவை. தமிழில் நாம் எழுதுவதற்குச் சட்ட வலு இல்லை. அதனாலேயே நாம் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டியிருக்கிறது. படிக்கும் பிள்ளை மூலத்தைத் தேடிப் போகப்போவதில்லை, நாம் எழுதியதைத்தான் நம்பும்.

என் முன்மொழிவு: 30க்குக் கட்டளவு, 50க்கு நாடுவரம்பு. ஒன்று கட்டுப்படுத்தும் அளவு, மற்றொன்று நாடப்படும் வரம்பு.

அருளப்பன் எழுதியது

சிவராமன் ஐயா இவ்வளவு நுணுக்கம் பார்ப்பது தேவையா என்று தோன்றுகிறது. இது சட்டக உடன்படிக்கைதான். சட்டகம் என்றாலே பொதுவான நோக்கங்களை மட்டும் சொல்லிவிட்டு, விவரங்களைப் பின்னால் வரும் நெறிமுறைகளுக்கு விட்டுவிடுவது என்று பொருள். தண்டம் விதிக்கும் மன்றம் எதுவும் இதற்கு இல்லை. எந்த நாட்டுக்கு 30 விழுக்காடு பிடிக்கவில்லையோ, அந்த நாடு அந்தப் பிரிவுக்கு மட்டும் விலக்குக் குறிப்பு எழுதிவிட்டுக் கையொப்பமிட்டால் முடிந்தது. எனவே இரண்டையும் ‘பரிந்துரை அளவு’ என்றே எழுதலாம்.

சிவராமன் எழுதியது

அருளப்பன், நீங்கள் சொன்னதில் பாதி சரி. தண்டம் விதிக்கும் மன்றம் இல்லை என்பது உண்மை. சேர்ந்த நாடுகள் தாம் செய்தவற்றைப் பற்றி அறிக்கை அளிக்கின்றன, அவற்றின் மாநாடு கூடி அதைப் பார்க்கிறது. பின்னால் நெறிமுறை வரும் என்பதும் உண்மை. கள்ள வணிகத்துக்கு எதிரான நெறிமுறை 2012இல் சியோலில் ஏற்கப்பட்டு 2018இல் நடைமுறைக்கு வந்தது.

ஆனால் விலக்குக் குறிப்பு எழுத முடியாது. 30ஆம் பிரிவு அதை அடியோடு தடுக்கிறது. சேர்ந்தால் முழுதாகத்தான் சேர வேண்டும். கையொப்பமும் போதாது. அமெரிக்க ஒன்றிய நாடுகள் 2004இல் கையொப்பமிட்டன, ஆனால் கையொப்பத்துக்குப் பின் நாடு முறைப்படி உறுதி செய்யும் பின்னேற்பை அளிக்கவில்லை. ஆகவே இன்றுவரை அது உடன்படிக்கைத் தரப்பு அன்று. பின்னேற்பு அளித்த நாட்டுக்கோ காலக்கெடுவே தொடங்கிவிடுகிறது: அந்த நாட்டைப் பொறுத்து உடன்படிக்கை நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் பொதி எச்சரிக்கையை நடைமுறைப்படுத்தியாக வேண்டும். நாள் குறித்துக் கேட்கும் ஒன்றைப் பரிந்துரை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

கதிரேசன் எழுதியது

மங்கை அம்மா அளவெடுக்கும் முறையைக் கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். நான் அட்டைப்பெட்டி வடிவமைப்பாளன்.

பெட்டியின் முன்முகம் 85 மில்லிமீட்டர் உயரமும் 55 மில்லிமீட்டர் அகலமும் கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பரப்பு 4,675 சதுர மில்லிமீட்டர். முழு அகலத்துக்கும் ஒரு பட்டை போட்டால், 30 விழுக்காட்டுக்கு அதன் உயரம் 25.5 மில்லிமீட்டர், 50 விழுக்காட்டுக்கு 42.5 மில்லிமீட்டர். ஒரு விரலளவு தாளை வெட்டி ஒட்டிப் பார்த்தால் மாணவர்களுக்கே வேறுபாடு தெரியும்.

இதில் நான் ஒருமுறை பிழை செய்திருக்கிறேன். எச்சரிக்கையைச் சுற்றி 2 மில்லிமீட்டர் கறுப்புக் கரை போட்டு, கரையையும் சேர்த்து 25.5 என்று கணக்குக் காட்டினேன். சரிபார்த்தவர் கரையைக் கழித்துவிட்டு அளந்தார். உள்ளே எஞ்சியது 21.5க்கு 51, அதாவது 1,096.5 சதுர மில்லிமீட்டர், அது 23.5 விழுக்காட்டுக்கும் சற்றுக் குறைவு. அச்சுத் தகட்டை மறுபடியும் செய்தோம்.

இன்னொன்று. ‘கட்டளவு’ என்று எங்கள் தொழிலில் யாரிடம் சொன்னாலும், ஒரு கட்டில் எத்தனை பொதி என்றுதான் புரிந்துகொள்வார்கள்.

தாட்சாயினி எழுதியது

கதிரேசன் கேள்வியை வேறாக விளங்கிக்கொண்டாலும், கரையைப் பற்றி அவர் சொன்னது பாடத்துக்கு நன்றாக உதவும். 11ஆம் பிரிவுக்கான வழிகாட்டல்கள் 2008இல் டர்பன் மாநாட்டில் ஏற்கப்பட்டபோது, கரைக்கான இடத்தை விழுக்காட்டுக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதும் அவற்றில் இடம்பெற்றது.

‘நாடுவரம்பு’ எனக்குச் சரியாகப் படவில்லை. நாடுகளைப் பற்றிய பாடத்தில் அச்சொல்லைப் பார்க்கும் பிள்ளை, நாட்டின் எல்லை என்றே வாசிக்கும். இலங்கை வழக்கில் நாங்கள் உடன்படிக்கையின் இந்த வகையைச் ‘சமவாயம்’ என்போம். மங்கை விரும்பினால் அதையும் அறிமுகப்படுத்தலாம். அளவுகளுக்கு நான் சொல்வது, 30க்குக் கீழ்வரம்பு, 50க்கு இலக்கு வரம்பு. இரண்டும் புதுச் சொற்கள் அல்ல என்பதையே அவற்றின் பலமாகக் கருதுகிறேன்.

வினைச்சொல்லுக்குப் புதிதாக ஒன்றும் ஆக்கத் தேவையில்லை. சிவராமன் ஐயா தம் விளக்கத்தில் தாமறியாமலே எழுதிவிட்டார்: “30க்குக் குறையக் கூடாது.” ‘குறையாமல் இருக்க வேண்டும்’ என்பதைவிட அதில் தடையின் அழுத்தம் தானாகவே வந்துவிடுகிறது.

சிவராமன் எழுதியது

‘கூடாது’ என்பதை மனமார ஏற்கிறேன். என் இரண்டு சொற்களையும் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஆனால் ‘இலக்கு வரம்பு’ பற்றி ஓர் ஐயம். இலக்கு என்றால் அடைந்ததும் நின்றுவிடுவது. வரம்பு என்றால் தாண்டக் கூடாதது. மூலமோ 50 அல்லது அதற்கு மேல் என்கிறது. உருகுவேயை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே எச்சரிக்கை 50 விழுக்காடாக இருந்ததை 2009ஆம் ஆண்டு ஆணையின் வழியாக 80 ஆக்கினார்கள். பிலிப் மோரிஸ் நிறுவனம் 2010இல் முதலீட்டுப் பாதுகாப்பு ஒப்பந்தத்தைக் காட்டி, நடுவர் தீர்ப்பாயத்துக்குப் போனது. 2016 சூலையில் தீர்ப்பு உருகுவேக்குச் சாதகமாக வந்தது. இந்த உடன்படிக்கையும் தீர்ப்பில் சான்றாக எடுத்தாளப்பட்டது. கேட்டதைவிடக் கூடுதலாகச் செய்ய நாடுகளை ஊக்குவிக்கும் வரி உடன்படிக்கையின் 2ஆம் பிரிவிலேயே இருக்கிறது. 50ஐ ‘இலக்கு’ என்று படித்த மாணவன், உருகுவே விதியை மீறியது என்றுகூட நினைத்துவிடக்கூடும்.

அருளப்பன் எழுதியது

விலக்குக் குறிப்பைப் பற்றிய என் பிழையை ஏற்கிறேன். பருவநிலை தொடர்பான வேறோர் உடன்படிக்கையை மனத்தில் வைத்து, சட்டகம் என்றாலே தளர்வானது என்று முடிவுகட்டிவிட்டேன். ஆனால் ‘தகும்’ எனக்கு உறுத்துகிறது. “செய்யத் தகும்” என்றால் பேச்சுவழக்கில் அனுமதி போலக் கேட்கிறது. படத்துக்கு வரும் ‘லாம்’ என்பதற்கும் இதற்கும் இடையில் பிள்ளைகள் இடைவெளி காண்பார்களா?

மங்கை எழுதியது

அனைவருக்கும் நன்றி. திருத்திய வரி இது: “எச்சரிக்கை, பொதியின் முதன்மைக் காட்சிப் பரப்பில் 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது, 50 விழுக்காடோ அதற்கு மேலோ இருப்பதே தகும், அது படமாகவும் இருக்கலாம்.” மூலத்தில் 50 முதலில் வருகிறது, நான் 30ஐ முன்னுக்குக் கொண்டுவந்துவிட்டேன். கடப்பாட்டை முதலில் படித்துவிட்டால் அடுத்தது ஏன் வருகிறது என்பது தெளிவாகிறது. ‘தகும்’ என்பதற்கு முன் ‘இருப்பதே’ என்று ஓர் ஏகாரத்தையும் சேர்த்திருக்கிறேன். அருளப்பன் ஐயாவின் ஐயம் அதனால் முழுதும் தீராது என்றாலும் கொஞ்சம் குறையும் என்று நினைக்கிறேன்.

கலைச்சொல்லாகக் ‘கீழ்வரம்பு’ ஒன்றை மட்டும் வைத்துக்கொள்கிறேன். 50க்கு இப்போதைக்குப் பெயர் இல்லை. திங்கட்கிழமை, 85க்கு 55 அளவில் வெட்டிய அட்டைகளோடு வகுப்புக்குப் போகிறேன். 30 விழுக்காட்டுக்கு 25.5, 50க்கு 42.5, உருகுவேயின் 80க்கு 68 என்று மூன்று கோடுகளைப் பிள்ளைகளே வரைந்து பார்க்கட்டும். நடுக்கோட்டுக்கு அவர்கள் என்ன பெயர் வைக்கிறார்கள் என்பதை வந்து எழுதுகிறேன்.